தட்டில் வந்ததா என்று பார்

மாயாபந்தர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி கார்த்திக்கு,

சித்தப்பா எழுதுவது. உன் போன் பாதியில் அறுந்துவிட்டாலும் விஷயம் காதில் விழுந்துவிட்டது. பிளாட்டூனில் ஆட்கள் சோர்ந்து கிடக்கிறார்கள், சி.ஓ. உன்னைக் கூப்பிட்டு ஒரு மோட்டிவேஷன் லெக்சர் எடுக்கச் சொல்லியிருக்கிறார், என்ன பேசலாம் சித்தப்பா என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற சங்கதியா அது? கப்பல் வராததால் கடையில் வெங்காயமும் இல்லை, வியாபாரமும் இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏ.எஸ்.சி.யில் அரிசி, பருப்புக் கணக்குப் பார்த்த சுபேதார். என் கண்ணுக்கு எல்லாமே ரேஷனாகத்தான் தெரியும். அதைக் கழித்துக்கொண்டு படி.

நீ நிற்கிற கொஹிமா மலையிலேயே உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அங்கே போர்க் கல்லறையைப் பார்த்திருப்பாய். அந்தச் சண்டைக்கு ஆறு மாதம் முன்பு, 1943 அக்டோபரில், ஜெனரல் வில்லியம் ஸ்லிம் பதினான்காவது ஆர்மியைக் கையில் எடுத்தார். அந்தப் படையில் பெரும்பகுதி நம் இந்தியச் சிப்பாய்கள். அதற்கு முந்தைய வருஷம் பர்மாவிலிருந்து நடந்தே பின்வாங்கி வந்தவர்கள். 1943-லேயே அரக்கானில் மறுபடி அடி வாங்கியவர்கள். ஜப்பான்காரனைக் காட்டில் ஜெயிக்கவே முடியாது என்று கேம்ப் கேம்பாகப் பேச்சு. காயம்பட்டு வருகிற ஒருவனுக்கு நோய்ப்பட்டு வருகிறவர்கள் 120 பேர். மலேரியா மட்டும் ஒரு வருஷத்துக்கு நூற்றுக்கு 84 பேரைப் பிடித்தது. உன் சி.ஓ. அங்கே இருந்திருந்தால் அவரும் லெக்சர்தான் போடச் சொல்லியிருப்பார்.

ஸ்லிம்மும் பேசினார், இல்லையென்று சொல்லவில்லை. ஜீப் பானெட்டின் மேல் ஏறி நின்று, ஒரே நாளில் மூன்று நாலு இடங்களில் பேசுவார். உருதுவும் கூர்க்காலியும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பேச்சில் வீரம் குறைவு, விவரம் அதிகம். ஜெர்மனி தோற்கும்வரை நமக்கு விமானம், கப்பல், டாங்க் எல்லாம் கடைசியில்தான் வரும், வரிசையில் நாம் கடைசி ஆள், இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். கிடைக்காததைக் கிடைக்கும் என்று சொல்லி ஆறு மாதம் கழித்து முழிக்கிற அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அடுத்த தடவை உண்மையே சொன்னாலும் லைனில் நிற்கிறவன் நம்ப மாட்டான்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். ரேஷன் அட்டவணையில் சிப்பாய்க்கு இறைச்சி, பால், நெய், காய்கறி எல்லாம் அழகாக எழுதியிருந்தது. கையில் கிடைத்ததோ வேறு. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு டின்னில் அடைத்த மாட்டிறைச்சி போதும். நம்மவன் அதைத் தொட மாட்டான். இந்துவுக்கு அது ஆகாது, முஸ்லிமுக்குப் பன்றி ஆகாது, வெட்டுகிற முறையிலும் ஹலால், ஜட்கா என்று இரண்டு. ஆகவே உயிரோடு ஆடு வர வேண்டும். ரயில் பிரம்மபுத்திராவைத் தாண்டி, மலை ஏறி, சேற்றில் லாரி மாட்டி, ஆடு வந்து சேருவதற்குள் முன்னணியில் இருப்பவன் வெறும் பருப்பும் அரிசியும் சாப்பிட்டு இளைத்திருப்பான். ஆவணத்தில் ஆடு இருந்தது என்பது அவன் வயிற்றுக்குத் தெரியாது.

இதைச் சரிசெய்ய ஸ்லிம்முக்குக் கிடைத்த ஆள் ஸ்னெல்லிங் என்கிற மேஜர் ஜெனரல். எங்கள் துறைக்காரர். படம் எடுக்கிறவர்கள் அவரைப் பற்றிப் படம் எடுக்க மாட்டார்கள், எனக்கோ அவர்தான் கதாநாயகன். இறைச்சியை உலர்த்தி அனுப்ப ஏற்பாடு, முன்னணிக்குப் பின்னால் காய்கறித் தோட்டம், முட்டைக்கு வாத்துப் பண்ணை என்று ஒவ்வொன்றாகச் செய்தார்கள். விமானத்திலிருந்து சாமான் போடப் பாராசூட் பட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கல்கத்தா சணல் ஆலைகளைப் பிடித்துச் சணலிலேயே பாராசூட் நெய்ய வைத்தார்கள். விலை பழையதில் இருபதில் ஒரு பங்குதான். ஆளை அதில் இறக்க முடியாது, அரிசி மூட்டையை இறக்கலாம்.

இதற்கெல்லாம் மேலே ஸ்லிம் செய்த ஒரு காரியம் உனக்கு நன்றாக நினைவிருக்க வேண்டும். முன்னணியில் ஏதாவது ஒரு படைப்பிரிவு அரை ரேஷனுக்குப் போனால், தன் தலைமையகத்தையும் அன்றே அரை ரேஷனுக்கு மாற்றிவிடுவார். கிளார்க், சமையல்காரன், ஸ்டாஃப் ஆபீசர் எல்லோருக்கும் பாதித் தட்டுதான். இதைத் தியாகம் என்று பாராட்டிப் பேசுவார்கள். எனக்கு அதில் தெரிவது தந்திரம். தலைமையகத்தில் இருப்பவர்கள் வாலிபப் பிள்ளைகள், நன்றாகப் பசிக்கிற வயசு. அவர்கள் வயிறு காய்ந்தால் கோப்பு தானாக நகரும், எந்த லாரி எங்கே நிற்கிறது என்று அன்று ராத்திரியே தேடுவார்கள். முன்னணிக்காரனுக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும். நாம் பட்டினி கிடந்தால் மேலே இருப்பவனுக்கும் தெரியும் என்று. பாதி வயிறோடும் அவன் சண்டை போடுவான், அந்தப் பாதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்.

மலேரியா சங்கதியில்தான் நம்பிக்கை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. மெபாக்ரின் என்று ஒரு மஞ்சள் மாத்திரை. தினமும் விழுங்கினால் காய்ச்சல் வராது. ஆனால் அதைச் சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி பரவி, வாயில் போட்டுத் துப்பினார்கள். கொசு கடித்துப் படுத்தால் இந்தியாவுக்குள்ளே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், மாதக்கணக்கில் லைனுக்கு வர வேண்டாம் என்கிற கணக்கும் சிலருக்கு இருந்திருக்கும். ஸ்லிம் இரண்டு பக்கமும் கட்டினார். ஒன்று, முன்னணிக்குச் சற்றுப் பின்னாலேயே மலேரியா சிகிச்சை முகாம்களை வைத்தார். படுத்தவன் சில வாரங்களில் தன் கம்பெனிக்கே, தன் சேக்காளிகளிடமே திரும்பி வந்தான். இரண்டாவது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பட்டாலியனுக்கு ஆள் அனுப்பி, எல்லோர் உடம்பிலும் மாத்திரையின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார். நூற்றுக்கு 95-க்குக் கீழே போனால் சிப்பாய்க்குத் தண்டனை இல்லை, கமாண்டிங் ஆபீசரின் வேலை போகும். மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார். நாலாவது ஆளுக்கு அவசியம் வரவில்லை.

யாரைத் தண்டித்தார் என்று கவனித்தாயா? சிப்பாய் மாத்திரையைத் துப்புகிறான் என்றால், விழுங்கச் சொன்ன ஆபீசரின் வார்த்தையை அவன் நம்பவில்லை. அல்லது ஆபீசர் அங்கே நிற்கவே இல்லை. இரண்டும் ஆபீசரின் குற்றம்தான். ஆயிரம் பேருக்குத் தினம் 12 பேர் என்று நோயில் விழுந்துகொண்டிருந்த படை, 1945-ல் ஆயிரத்துக்கு ஒருவர் என்று வந்து நின்றது.

ஓய்வு விஷயம் இன்னும் மோசமாக இருந்தது. புது ஆட்களும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்களும் தங்கிப் போக வழிநெடுக ரீ-இன்ஃபோர்ஸ்மென்ட் கேம்ப்கள். கிழிந்த கூடாரம், விளக்கு கிடையாது, சாப்பாடு சொல்லவே வேண்டாம், கவனிக்க ஆபீசரும் இல்லை. எந்த யூனிட்டுக்கும் வேண்டாத ஆபீசர்களை அங்கே தள்ளியிருந்தார்கள். நல்ல ரெஜிமென்டிலிருந்து வந்த பையன் அந்தக் கேம்பில் சில வாரம் கிடந்தால் பாதி ஆளாகத்தான் முன்னணிக்குப் போவான். ஸ்லிம் ஒவ்வொரு கேம்பையும் ஒரு டிவிஷனோடு இணைத்தார். அந்த டிவிஷனே தன் ஆபீசர்களை அனுப்பி நடத்த வேண்டும். அங்கே படுத்திருப்பவன் நாளைக்கு உன்னோடு பதுங்குகுழியில் இருக்கப்போகிறவன் என்றால் கூடாரம் தானாகத் தைக்கப்படும்.

இப்போது கடிதம். இதை நீங்கள் சின்னதாக நினைப்பீர்கள், கையில் போன் இருப்பதால். 1944 பிப்ரவரியில் அரக்கானில், அட்மின் பாக்ஸ் என்கிற சின்ன வயல்வெளியில் ஏழாவது இந்திய டிவிஷன் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். டிவிஷன் தலைமையகமே பறிபோய், ஜெனரல் மெஸ்ஸர்வி காட்டு வழியாகத் தப்பி வந்து அங்கே சேர்ந்தார். சுற்றிலும் ஜப்பான்காரன். முன்பெல்லாம் இப்படிச் சுற்றி வளைத்தால் நம் படை ஓடிவிடும், அவனும் நம் கிடங்கில் சாப்பிட்டுக்கொள்வான். இந்த முறை ஓடவில்லை. வானத்திலிருந்து சாப்பாடும் குண்டும் இறங்கின. ஸ்னெல்லிங் முன்கூட்டியே கட்டி வைத்திருந்த மூட்டைகளில் அரிசி, தோட்டாவோடு சிகரெட், ரம், சவர பிளேடு, செய்தித்தாள், வீட்டுக் கடிதமும் இருந்தன. முற்றுகையில் மாட்டியவனுக்குச் சவர பிளேடு எதற்கு என்று ஒரு கணக்குப்பிள்ளை கேட்டிருந்தால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுக் கடிதம் வருகிற இடத்தை யாரும் கைவிடப்பட்ட இடம் என்று நினைப்பதில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் தாங்கினார்கள். சாப்பாடு தீர்ந்தது ஜப்பான்காரனுக்குத்தான்.

கடிதத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. சென்சார் அலுவலகங்கள் நம் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்து, ஆட்கள் மனசு எப்படியிருக்கிறது என்று மேலே அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தன. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம், நாடெங்கும் தானிய விலை ஏறிக் கிடந்த நேரம். சிப்பாயின் கவலை ஜப்பான்காரனைப் பற்றியதாக இல்லை. நான் அனுப்புகிற சம்பளத்தில் வீட்டில் அரிசி வாங்க முடிகிறதா, பங்காளி வரப்பை நகர்த்திவிட்டானா என்பதாக இருந்தது. இப்போதும் அதுதான். உன் ஆட்களில் பாதிப் பேருக்கு ஊரில் ஒரு பட்டா வழக்கு இருக்கும். வீடியோ காலில் மனைவி அழுவதைப் பார்த்துவிட்டு ராத்திரி சென்ட்ரிக்குப் போகிறவனை நீ கவனிக்க வேண்டும். கடிதக் காலத்தில் அழுகை பதினைந்து நாள் பழசாகி வரும். இப்போது சூடாக வருகிறது, ஆனால் அவன் கையால் செய்ய முடிவது அப்போதைவிட ஒன்றும் கூடவில்லை. ஜில்லா கலெக்டருக்கும் சைனிக் போர்டுக்கும் அவன் சார்பில் நீ எழுதுகிற ஒரு கடிதம் பத்து லெக்சருக்குச் சமம்.

இனி எதிர்ப்பக்கம். உன் மலையில் எதிரே இருந்தது ஜப்பானின் 31-வது டிவிஷன், தலைவர் ஜெனரல் சாத்தோ. அவருக்கு மேலே முட்டாகுச்சி. மூன்று வாரச் சாப்பாட்டோடு கிளம்பினார்கள். அதற்குள் இம்பாலைப் பிடித்து வெள்ளைக்காரன் கிடங்கில் சாப்பிடலாம் என்பது திட்டம். கூடவே ஓட்டிப் போன மாடுகளில் நிறைய சிந்த்வின் ஆற்றிலும் மலைச்சரிவிலும் போயின. சப்ளை வரும் என்று சாத்தோவுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆற்றைக் கடந்ததிலிருந்து சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வரவில்லை. ஆட்கள் புல்லும் காட்டுக் கிழங்கும் தின்றார்கள். தாக்குதல் தொடங்கிப் பல வாரம் முட்டாகுச்சி இருந்தது மேமியோ என்கிற குளுகுளு மலைவாசஸ்தலத்தில். அங்கிருந்து வந்ததெல்லாம் உறுதியோடு போராடு என்கிற தந்தி. மே மாதக் கடைசியில் சாத்தோ, உத்தரவை மீறி, தன் டிவிஷனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஜப்பானிய டிவிஷன் கமாண்டர் அப்படிச் செய்தது அந்த ராணுவத்தில் கேள்விப்படாத காரியம். கோர்ட் மார்ஷல் வைத்தால் இவர் வாயைத் திறப்பார் என்று பயந்தோ என்னவோ, மனநிலை சரியில்லை என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள்.

ஆனால் இதிலிருந்து அவசரமாக முடிவு கட்டிவிடாதே. அந்தப் பட்டினிப் படை கொஹிமாவில் ஏறத்தாழ இரண்டு மாதம் நின்றது, அதில் பல வாரம் ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்காகக் கையெறி குண்டு வீசிச் சண்டை போட்டது. சாப்பாடு இல்லாவிட்டால் தெம்பு உடனே போய்விடும் என்றால் அவர்கள் ஒரு வாரத்தில் ஓடியிருக்க வேண்டும். அவர்களிடம் வீரம் தீரவில்லை. மேலே இருப்பவனுக்கு நம் நிலைமை தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை என்கிற எண்ணம் கடைசியில் டிவிஷன் தலைவருக்கே வந்தது.

ஸ்லிம் இன்னொரு வேலையும் செய்தார், பேச்சில் பலர் விட்டுவிடுவார்கள். தோற்றுத் தோற்றுப் பயந்த ஆட்களை உடனே பெரிய சண்டையில் இறக்கவில்லை. முதலில் சின்னச் சின்ன பட்ரோல். பிறகு ஜப்பான் கம்பெனி ஒன்றை அடிக்க ஒரு முழு பிரிகேடு, பிளாட்டூனை அடிக்க ஒரு பட்டாலியன். இதென்ன அநியாயம் என்று கேட்டவர்கள் உண்டு. அவருக்கு வேண்டியது நியாயமான ஆட்டம் இல்லை, நிச்சயமான ஜெயம். இவர் நம்மை வீணாகச் சாகக் கொடுக்க மாட்டார் என்று சிப்பாய்க்குத் தெரிய வேண்டும். வயிறு நிறைந்தவனும் இது தெரியாவிட்டால் நகர மாட்டான்.

இதெல்லாம் தெரிந்த அதே அரசாங்கத்தின் கடற்படை என்ன செய்தது என்றும் கேள். 1946 பிப்ரவரி 18, பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்கிற சிக்னல் பள்ளி. காலை உணவைப் பையன்கள் தொடவில்லை. சாப்பாடு தின்ன முடியாத லட்சணம், பழைய புகார். அதற்குமேல் கமாண்டர் கிங் என்பவர் அவர்களைக் கேவலமான வார்த்தைகளால் திட்டியிருந்தார். புகார் எழுத்தில் போனது, ஒழுங்கான வழியில்தான். பொய்ப் புகாருக்குத் தண்டனை கடுமை என்று அதே கமாண்டர் எச்சரித்தார். சில நாளில் 78 கப்பல், சுமார் 20,000 பேர் வேலைநிறுத்தம். இங்கே அந்தமான் கடலில் கண்ணிவெடி வாரிக்கொண்டிருந்த கப்பல்களிலும் வேலை நின்றது. சுதந்திர வேட்கை அதில் பெரும் பங்கு, அதைச் சாப்பாட்டுத் தகராறாகச் சுருக்குவது அவர்களுக்குச் செய்கிற துரோகம். ஆனால் பற்றவைத்த இடம் சாப்பாட்டுக் கூடமும் புகார்ப் புத்தகமும்தான். பிறகு நடந்த விசாரணைக் கமிஷனில் ஒரு உறுப்பினர் ஜெனரல் ரீஸ். ஸ்லிம்மின் படையில் 19-வது டிவிஷனை நடத்தி மாண்டலேயைப் பிடித்தவர். அந்த மேஜையில் உட்கார்ந்து புகார்களைக் கேட்டபோது அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

ஆகவே லெக்சரை ஒரு வாரம் தள்ளிப்போடு. சி.ஓ.விடம் நேராகக் கேட்டால் கொடுப்பார். அந்த வாரத்தில் லங்கருக்கு நேரம் சொல்லாமல் போ. முதல் பந்தியில் உட்காராதே, உனக்கென்று தனியாக நெய் ஊற்றிக் கொடுப்பார்கள். சென்ட்ரி முடித்துக் கடைசியில் வருகிறவனின் தட்டைப் பார், அதையே வாங்கிச் சாப்பிடு. பிறகு எச்சில் தொட்டியைப் பார். ரொட்டி நிறையக் கிடந்தால் மாவிலோ தவாவிலோ கோளாறு. உன் பிளாட்டூனில் நம் பக்கத்துப் பையன்கள் அதிகம் என்றால் அரிசிக்குப் பதில் ஆட்டா எவ்வளவு வருகிறது என்று குவார்ட்டர்மாஸ்டரிடம் கணக்குக் கேள். மரியாதையாகக் கேள், அவர் உன்னைவிடச் சர்வீஸ் அதிகமானவர்.

சிக் ரிப்போர்ட்டைத் தேதிவாரியாக அடுக்கு. குறிப்பிட்ட ஒரு டியூட்டிக்கு முந்தின நாள் முதுகுவலி கூடினால் டாக்டரை விட்டுவிட்டு டியூட்டி பட்டியலைப் பார். அதைப் போடுகிற ஹவில்தார் தனக்கு வேண்டியவனை விட்டுவிட்டு மற்றவனையே திரும்பத் திரும்பப் போடுகிறானா? ராத்திரி பட்ரோல் முடிந்து வந்தவனைக் காலையில் ரெஸ்ட் என்று எழுதிவிட்டு, ஏதாவது வி.ஐ.பி. வருகிறார் என்று சுண்ணாம்பு அடிக்க விடுகிறார்களா? லீவு ரிஜிஸ்டரில் அறுவடைக்கும் தங்கை கல்யாணத்துக்கும் கேட்டவர்கள் எத்தனை பேர், போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணு. மறுத்தாயானால் காரணத்தை நீயே அவன் முகத்தைப் பார்த்துச் சொல், என்.சி.ஓ. மூலம் சொல்லி அனுப்பாதே.

புகாரே வரவில்லை என்றால் சந்தோஷப்படாதே. நல்ல யூனிட்டில் சிப்பாய் முணுமுணுப்பான், சமையல்காரனைக் கேலி செய்வான். நீ உள்ளே நுழைந்ததும் எல்லாம் அடங்கி, எல்லாம் டீக் ஹை சாப் என்று ஒரே குரலில் வந்தால் அன்றைக்கு உனக்குத் தூக்கம் வரக்கூடாது.

உன்னால் ஆகாததும் நிறைய இருக்கும். மேலிருந்து வராத காய்கறியை நீ விளைவிக்க முடியாது, ரயிலில் இடம் பிடித்துக் கொடுக்க முடியாது. அதைச் சொல்லிவிடு. எது உன் கையில், எது பட்டாலியன் கையில், எது டில்லி கையில் என்று பிரித்துச் சொன்னால் ஆள் புரிந்துகொள்வான். உன் கையில் இருந்ததை நீ செய்யாமல் டில்லியைக் காட்டினால் அதையும் புரிந்துகொள்வான்.

சித்தி உனக்குக் கருவாடும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கட்டி வைத்திருக்கிறாள். 99 ஏ.பி.ஓ. விலாசத்துக்கு அனுப்பினால் போய்ச் சேருமா, கருவாட்டை எடுத்துக்கொள்வார்களா என்று தபால் ஆபீசில் கேட்க வேண்டும். அப்பாவுக்கு மாதம் ஒரு முறையாவது கையால் எழுது. உன் குவார்ட்டர்மாஸ்டர் எந்த ஊர் என்று அடுத்த போனில் சொல்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா